பன்னிரண்டு ஒன்றுகள்

வீட்டுக் கடனுக்காக வங்கிக்குப் போன அன்று அப்பா கறுப்புச் சப்பாத்து போட்டிருந்தார். என் பட்டமளிப்பு விழாவுக்கு வாங்கியது. அதன் பிறகு அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தது அன்றுதான். தொழிற்சாலைக்கு இரும்பு மூக்குப் பூட்ஸ், மற்ற இடங்களுக்கு ரப்பர் செருப்பு. அவருக்கு அவ்வளவுதான் தேவை. காரில் ஏறும்போது குனிந்து சப்பாத்தின் முனையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"என்னமோ பொண்ணு பாக்கப் போற மாதிரி," என்றார் அம்மா வாசலில் நின்று.

"பொண்ணு பாக்கப் போனப்போ எங்கிட்ட சப்பாத்தே இல்ல. அப்பவே உங்க வீட்டுல யோசிச்சிருக்கணும்," என்றார் அப்பா.

நாங்கள் சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், மாசாயில் ஓர் ஒற்றை மாடி வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்திலிருந்து அதே வீடு. வீட்டுக்காரர் ஒரு சீன மூதாட்டி. நாங்கள் ஆன்ட்டி என்று கூப்பிடுவோம். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பெட்டியோடு வருவார். தீபாவளிக்கு அம்மாவின் முறுக்கை டின்னோடு வாங்கிப் போவார். அவர் மகள் ஆஸ்திரேலியாவில் இருந்தாள். தாயைத் தன்னோடு அழைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டாள். வீட்டை விற்பதென்று ஆனதும் ஆன்ட்டி முதலில் எங்களிடம்தான் வந்தார். சந்தை விலையைவிடக் குறைத்துச் சொன்னார். சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒரு தம்பதி அந்த வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒரு மாதம் நிறுத்திவைப்பதாகவும் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு பாசிர் கூடாங்கில் வேலைக்குப் போனவர். இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரே எண்ணெய்த் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அம்மா ஆறாம் வகுப்பு. நான் கணக்கியல் பட்டதாரி. தெப்ராவில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. அந்த வேலை கிடைத்த நாளிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றுதான்: எங்கள் பெயரில் ஒரு கூரை. என் சம்பளம் மட்டும் போதாது. அப்பாவின் சம்பளத்தையும் சேர்த்தால் ஆன்ட்டி சொன்ன விலைக்குக் கடன் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பித்தேன்.

வங்கியில் எங்களை எதிர்கொண்ட அதிகாரி என் வயதுடைய மலாய்ப் பெண். அப்பாவை மரியாதையோடு உட்காரச் சொன்னார். எங்கள் சம்பளச் சீட்டுகளைப் புரட்டிவிட்டுத் தன் கணினித் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை எங்கள் பக்கம் திருப்பினார். அது அப்பாவின் கடன் வரலாற்று அறிக்கை. நாட்டில் யார் எந்த வங்கியில் கடன் வாங்கினாலும் கடைசிப் பன்னிரண்டு மாதங்களில் எப்படிக் கட்டினார் என்று அதில் தெரியும். ஒவ்வொரு மாத முடிவுக்கும் ஒரு கட்டம். பாக்கி இல்லையென்றால் சைபர். ஒரு தவணை பாக்கியென்றால் ஒன்று.

அப்பாவின் கார் கடன் வரியில் பன்னிரண்டு ஒன்றுகள் இருந்தன. ஒரு சைபர்கூட இல்லை.

"ஒன்றிரண்டு இருந்தால் நான் எழுதிக் கேட்கலாம்," என்றார் அந்தப் பெண் மலாயில். "வரிசையாகப் பன்னிரண்டும் இப்படி இருந்தால் மேலே அனுப்பவே முடியாது. குறைந்தது ஆறு மாதம் சுத்தமாக இருக்க வேண்டும்."

அப்பா திரையை உற்றுப் பார்த்தார். பிறகு அவரும் மலாயில், குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நான் ஒவ்வொரு மாதமும் கட்டுகிறேன். ரசீது எல்லாம் இருக்கிறது."

"கட்டுகிறீர்கள், பாக்சிக். அதுவும் தெரிகிறது. ஆனால் ஒரு மாதம் பின்னால் கட்டுகிறீர்கள்." பாக்சிக் என்று, மாமாவைக் கூப்பிடும் மரியாதையோடுதான் சொன்னார்.

காருக்குத் திரும்பியதும் அப்பா சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நீயும் நம்புறியா மா?"

"எதை?"

"நான் கட்டலன்னு."

"ரசீத பாப்போம் பா," என்றேன். அந்தப் பெண் என் வயது. அவள் எதிரே, என் பட்டமளிப்புச் சப்பாத்தோடு என் அப்பா உட்கார்ந்திருந்த விதம் எனக்குள் எரிந்துகொண்டிருந்தது.

ரசீதுகள் பிஸ்கட் டின்னில் இருந்தன. எல்லாம் பணம் செலுத்தும் இயந்திரத்தின் வெளுத்த தாள்கள். அப்பாவுக்கு ஏழாம் தேதி சம்பளம். அன்று மாலையே போய்த் தவணைப் பணம் ஐந்நூற்றுத் தொண்ணூறு வெள்ளியை இயந்திரத்தில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். தவணை தேதி ஐந்து. ஆக, காரை வாங்கிய நாளிலிருந்தே அவர் இரண்டு நாள் தாமதம். அதற்காக ஆறாம் தேதி கைப்பேசிக்கு ஒரு நினைவூட்டல் வரும், 'ஏற்கெனவே கட்டியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம்' என்ற வரியோடு. மறுநாள் கட்டிவிடுவதால் அவர் அதைப் பொருட்படுத்தியதே இல்லை.

தாள்களைத் தரையில் மாதவாரியாக அடுக்கினேன். ஓர் இடத்தில் இடைவெளி வந்தது. இரண்டரை வருஷத்துக்கு முந்தைய நவம்பர்.

அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். "அது தீவாளி முடிஞ்ச மாசம்லா. அக்டோபர்லயே சம்பளத்த முன்னாடி குடுத்துட்டாங்களே!"

இங்கே பல தொழிற்சாலைகளில் அப்படித்தான். தீபாவளி அக்டோபரின் பிற்பகுதியில் வந்தால், நவம்பர் ஏழாம் தேதி தரவேண்டிய அக்டோபர் சம்பளத்தைப் பண்டிகைக்கு முன்பே கொடுத்துவிடுவார்கள். அன்று எல்லார் முகத்திலும் வெளிச்சம். அதற்கு அடுத்த சம்பளம் டிசம்பர் ஏழாம் தேதிதான். நடுவில் ஏழு வாரம். நவம்பர் ஏழாம் தேதி வரும், சம்பளம் வராது.

கோவிட் முடிந்து நாங்கள் கொண்டாடிய முதல் முழுத் தீபாவளி அது. அப்பா அம்மாவுக்குப் புடவை எடுத்தார். எனக்குப் பல்கலைக்கழக விடுதியிலிருந்து வந்துபோக டிக்கெட். ஆன்ட்டியிடம் கேட்டுவிட்டு வீடு முழுவதற்கும் வெளிர் மஞ்சள் பெயிண்ட் அடித்தார், அவரும் தொழிற்சாலை நண்பர் ஒருவருமாக. வாடகைக் காசைத் தனியாக எடுத்து வைத்தார். கார் காசை வைக்கவில்லை.

"மறக்கல மா," என்றார் அப்பா. "தெரிஞ்சுதான் விட்டேன். கோவிட் நேரத்துல ஆறு மாசம் கட்ட வேணாம்னாங்கள்ல? அந்த ஆறு மாசத்த கடைசியில சேத்துக்கிட்டாங்க. இதையும் அப்படித்தான் கடைசியில போடுவாங்கன்னு நெனச்சேன். ஒரு மாசம் தானே. ஒம்பது வருஷக் கடன், ஒம்பது வருஷம் ஒரு மாசம் ஆவும், அவ்ளோதான்னு."

"ஃபோன் பண்ணி கேட்டிருக்கலாம்லா?" என்றார் அம்மா.

"கேட்டா கட்டுன்னு சொல்லுவான். கையில காசு இல்ல. என்னாத்த கேக்கறது?"

"ஆனா பெயிண்டுக்கு இருந்திச்சு."

நாங்கள் மூன்று பேரும் சாய்ந்திருந்தது அந்த மஞ்சள் சுவரில்தான்.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கார் கடன் நிறுவனத்தின் தம்போய் கிளைக்கு அப்பாவோடு போனேன். முகப்பில் இருந்தவர் நடுத்தர வயதுத் தமிழர், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். கணக்கு விவரத்தை அச்சிட்டு, அதன்மேல் பேனாவை வைத்து அப்பாவிடம் பொறுமையாகச் சொன்னார்.

"அண்ணே, நவம்பர் அஞ்சு தவணை வரல. சரியா? டிசம்பர் ஏழு நீங்க கட்டுனீங்க. நீங்க அத டிசம்பர் காசுன்னு நெனச்சீங்க. சிஸ்டம் அப்படி எடுத்துக்காது. பழைய பாக்கி எது இருக்கோ, அதுலதான் மொதல்ல போடும். அப்போ அது நவம்பருக்குப் போயிருச்சு. டிசம்பர் காலி. ஜனவரி கட்டுனீங்க, அது டிசம்பருக்கு. ஜனவரி காலி. அப்படியே வந்துக்கிட்டே இருக்கு, இன்னைய வரைக்கும்."

"அந்த ஓட்ட அடையவே இல்ல," என்றார் அப்பா மெதுவாக.

"அடையல. நீங்க ஒரே ஒரு தடவ ரெண்டு மாசத்த சேத்துக் கட்டியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

"கோவிட்ல மட்டும் கடைசியில போட்டீங்களே?"

"அது கவர்மெண்டு சொல்லி எல்லாருக்கும் செஞ்சது. நாமளா விட்டா அது டியூதாண்ணே."

நான் தாமதக் கட்டணத்தைக் கேட்டேன். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். ஒப்பந்தப்படி ஆண்டுக்கு எட்டு விழுக்காடு. நாள் கணக்கில் ஓடும். முழுக் கடனுக்கும் இல்லை, தேதி தாண்டி நிற்கும் தவணைக்கு மட்டும். நான் மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன். ஐந்நூற்றுத் தொண்ணூறுக்கு எட்டு விழுக்காடு ஆண்டுக்கு நாற்பத்தேழு வெள்ளி இருபது காசு. முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்தால் நாளுக்குப் பதின்மூன்று காசு, அதற்கும் சற்றுக் குறைவு. ஐந்திலிருந்து ஏழாம் தேதி வரை இரண்டு தவணைகள் சேர்ந்து நிற்பதால் அந்த இரண்டு நாள் மட்டும் இரட்டிப்பு. அதற்கு முந்தைய வருஷங்களின் இரண்டிரண்டு நாள் தாமதமும் சேர்ந்திருந்தது. ஓடிய கட்டணத்துக்கு மேல் மறுபடி கட்டணம் ஏறவில்லை. விவரத்தாளின் அடியில் இருந்த தொகை நூற்று முப்பது வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். என் கணக்கோடு ஒத்துப்போனது. அவர்கள் பக்கம் தவறு தேட எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"ஒரு நாளைக்கு எவ்ளோ மா?" என்று கேட்டார் அப்பா.

"பதிமூணு காசு பா."

"பதிமூணு காசா." தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நாளு வட்டின்னா கொல்ற வட்டின்னு நெனச்சிருந்தேன் மா. எங்க கம்பெனி வாசல்ல ஒருத்தன் குடுப்பான், பத்து நாள்ல பாதி ஏறிடும். அந்த மாதிரி ஏறியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். எங்கயாச்சும் பொரட்டி அடச்சிருப்பேன். இது வலிக்கவே இல்லையே."

முகப்பில் இருந்தவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இன்னொன்னு சொல்லணும்ணே. ஒரு தவணை எப்பவும் பாக்கியில இருந்திச்சுல்ல. எதாச்சும் ஒரு மாசம், ஒடம்புக்கு முடியாம, வேல இல்லாம, நீங்க ஏழாம் தேதி வரலன்னா அது தொடர்ந்து ரெண்டு மாசப் பாக்கி. நோட்டீஸ் வந்திருக்கும். நோட்டீஸ் நாள் முடிஞ்சும் கட்டலன்னா கார இழுத்திருப்பாங்க. மத்தவங்களுக்கு ரெண்டு தடவ தவறினாத்தான் அது. உங்களுக்கு ஒரே தடவ."

அப்பா தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்தார். ஒரு தவணையும் முழுத் தாமதக் கட்டணமும் அங்கேயே கட்டினோம். அது ஏப்ரல் தொடக்கம். அந்த மாதத் தவணையையும் ஏழாம் தேதி வழக்கம்போலக் கட்டினார். ஓட்டை அடைந்தது. ஆனால் அறிக்கையில் இருந்த பன்னிரண்டு ஒன்றுகளை எந்தப் பணத்தாலும் அழிக்க முடியாது. ஒவ்வொரு மாத முடிவிலும் புதிதாக ஒரு சைபர் வந்து சேரும். பழைய ஒன்றுகளில் ஒன்று மறுமுனையில் கழன்று விழும். அதன் வேகம் அவ்வளவுதான்.

அன்று மாலை அம்மா ஒரு வழி சொன்னார். "எந்தம்பி சிங்கப்பூர் டாலர்ல சம்பாதிக்கிறான். அவன் பேர உன்னோட சேத்துப் போட்டா?"

"மாமா பேரப் போட்டா பாதி வீடு மாமாவோடது மா."

"அவன் என்ன நம்மள வெரட்டவா போறான்?"

"அப்பா பேர எடுத்துட்டு வேற பேர வைக்க மாட்டேன்," என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. அப்பா தண்ணீர்க் குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். அந்த முடிவை இன்றும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி வந்தார். நான் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அப்பா என்னைக் கையமர்த்திவிட்டுத் தானே பேசினார். எதையும் மறைக்கவில்லை. காரை, தீபாவளிச் சம்பளத்தை, பதின்மூன்று காசை எல்லாம் மலாயில் சொல்லிவிட்டு ஆறு மாதம் அவகாசம் கேட்டார்.

"நீ ஒரு மாதம்கூட வாடகை தவறியதில்லை," என்றார் ஆன்ட்டி. "கோவிட் நேரத்தில்கூட நான் பாதி போதும் என்றேன், நீ முழுதாகக் கொண்டுவந்து கொடுத்தாய். எனக்குத் தெரியும். வங்கிக்குத் தெரியாதா?"

"வாடகை அங்கே ஏறாது, ஆன்ட்டி," என்றேன்.

"அலமாக்," என்று பெருமூச்சு விட்டார். "எனக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மகளுக்கு அங்கே வீடு வாங்க இந்தப் பணம் வேண்டும். ஆறு மாதம் என்னிடம் இல்லை."

அப்பா எழுந்து அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார். வாசல் வரை போய்க் குடை பிடித்தார். மழை தூறிக்கொண்டிருந்தது.

ஜூன் மாதம் வீட்டைக் காலி செய்தோம். இப்போது மாசாயிலேயே ஓர் அடுக்குமாடியின் நான்காம் தளத்தில் இருக்கிறோம். லிஃப்ட் வேலை செய்யும் நாளை அம்மா நல்ல நாள் என்பார். பழைய வீட்டை வாங்கிய அந்தத் தம்பதி, நாங்கள் பொருள்களை லாரியில் ஏற்றிய நாளன்று சுவர்களைப் பார்க்க வந்திருந்தார்கள். நல்லவர்கள்தான். அந்தப் பெண் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் இன்னும் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாங்க வெள்ளை அடிச்சுக்குவோம்," என்றார். அப்பா சிரித்த முகத்தோடு, "ஒரே கோட்டுல மஞ்சள் மறையாதுங்க. ரெண்டு கோட்டு அடிங்க," என்றார்.

வேலைக்குப் போக அந்தத் தெரு வழிதான் குறுக்கு. அப்பா இப்போது பெரிய சாலையைச் சுற்றிப் போகிறார். பெட்ரோல் கூடுதல் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

மாத முடிவு கழிந்து அறிக்கை புதுப்பிக்கப்பட்டதும் நான் அதைக் கைப்பேசியில் எடுத்து அப்பாவிடம் காட்டுவேன். அவர் வேறு எதையும் கேட்பதில்லை. "எத்தன சைபர்?" என்பார். சொல்வேன். தலையாட்டிவிட்டுத் தேநீரைக் குடிப்பார்.

இந்த ஆண்டும் தீபாவளி அக்டோபரில்தான் வந்தது. பண்டிகைக்குச் சில நாள் முன்பு தொழிற்சாலை சம்பளத்தை முன்கூட்டியே போட்டுவிட்டது. அன்று மாலை அப்பா வீட்டுக்கு வரத் தாமதமானது. அம்மா மாவு பிசைந்த கையோடு இரண்டு முறை நடைபாதையில் எட்டிப் பார்த்தார்.

வந்தவர் சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்து மேசையில் வைத்தார். நவம்பர் தவணை. தேதிக்கு இரண்டு வாரம் முன்னால்.

"புடவக் கடைக்குப் போவலையா?" என்றார் அம்மா.

"மொதல்ல இது. புடவைக்கு இந்த வருசம் காசு பத்தாது."

"எனக்கென்ன, பழையதே ரெண்டு பிரிக்காம கெடக்கு. முறுக்கு சுட எண்ண வாங்கியாந்தீங்களா, இல்ல அதையும் மிசின்ல போட்டுட்டீங்களா?"

எண்ணெய் வாங்கியிருந்தார். கீழே காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நான் இறங்கிப் போய் எடுத்து வந்தேன்.

நவம்பர் ஏழாம் தேதி அவருக்குச் சம்பளம் இல்லை, கட்டவும் எதுவும் இல்லை. ஆனாலும் வேலை முடிந்து இயந்திரத்துக்குப் போயிருக்கிறார். மஞ்சள் பெயிண்ட் அடித்த நண்பரோடு வார இறுதிகளில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போய்ச் சேர்த்த பணம். டிசம்பர் தவணையை முழுதாகப் போட்டுவிட்டு வந்தார்.

"ஏன் பா? டிசம்பர் அஞ்சுக்கு இன்னும் நாள் இருக்கே," என்றேன்.

"ஒன்னு முன்னாடி இருக்கட்டும் மா," என்றார். "இத்தன நாள் ஒன்னு பின்னாடி இருந்திச்சு."

பிறகு என் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, அந்த வரியைத் தானே பெரிதாக்கிப் பார்த்தார். ஏழு சைபர்கள், ஐந்து ஒன்றுகள். தம்போயில் ஒரு பழைய வரிசை வீடு விலைக்கு வந்திருப்பதாகவும், ஆறு சைபர் தாண்டிவிட்டதால் வங்கிப் பெண் ஜனவரியில் வரச் சொன்னதாகவும் அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து அலமாரியின் அடித்தட்டிலிருந்து கறுப்புச் சப்பாத்துப் பெட்டியை எடுத்து, உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று திறந்து பார்த்தார்.